இரண்டு திகதிகளும் ஒரு துணைக் கம்பனியும்: ஒருங்கிணைந்த நிதிக்கூற்றை முதன்முதலில் செய்பவர்களுக்கு

ஒருங்கிணைந்த நிதிநிலைமைக் கூற்றில் பிழைக்கிற மாணவர்களில் பெரும்பாலானோர் கூட்டல் கழித்தலில் பிழைப்பதில்லை. துணைக் கம்பனியின் எந்தத் தொகை எந்தத் திகதிக்கு உரியது என்பதில்தான் பிழைக்கிறார்கள். நன்மதிப்பு கம்பனியைக் கையேற்ற நாளுக்குரியது. கட்டுப்பாடற்ற நலன் அந்த நாளில் தொடங்கி அறிக்கைத் திகதி வரை வளர்வது. குழுமத்தின் பிடித்துவைத்த வருவாய்க்குள் துணைக் கம்பனியிலிருந்து வருவது இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் உழைத்தது மட்டும். இந்த மூன்றையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு கணக்கை முழுமையாகச் செய்து பார்ப்போம்.

மட்டக்களப்பில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பனி, சம்மாந்துறையில் நெல் குற்றும் ஓர் ஆலைக் கம்பனியின் பங்குகளில் 80 சதவீதத்தை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பயிற்சிக்காகக் கற்பனை செய்தவை. வாங்கிய நாள் 2023 ஏப்ரல் 1. கொடுத்தது 640 இலட்சம் ரூபா, முழுவதும் காசு. நாம் கூற்றுத் தயாரிக்கும் நாள் 2025 மார்ச் 31. அதாவது கையேற்று இரண்டு வருடம் முடிந்திருக்கிறது. இனி வரும் தொகைகள் எல்லாம் இலட்சம் ரூபாவில்.

80 சதவீதப் பங்கு என்றால் வாக்குரிமையும் அந்த அளவுக்கு உண்டு. ஆகவே ஆலை, துணைக் கம்பனியாக வியாபாரக் கம்பனியின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது; வியாபாரக் கம்பனி அதன் தாய்க் கம்பனி. ஆனால் இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 10 இன்படி, பங்குச் சதவீதத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஆலையின் முக்கிய நடவடிக்கைகளை இயக்கும் அதிகாரம், அதன் இலாப நட்டத்தோடு ஏறி இறங்கும் வருவாயில் பங்கு, அந்த அதிகாரத்தைக் கொண்டு வருவாயின் அளவை மாற்றக்கூடிய நிலை ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். பங்குகள் பலரிடம் சிதறிக் கிடந்தால் 45 சதவீதத்தோடும் கட்டுப்பாடு இருக்கலாம். பரீட்சை வினாக்களில் பெரும்பாலும் 50 இற்கு மேல் தந்திருப்பார்கள், அதனால் இந்த இடத்தை வேகமாகக் கடக்கலாம்.

கையேற்ற நாளில் நடப்பது

2023 ஏப்ரல் 1 இல் ஆலையின் கூறப்பட்ட மூலதனம் 400, பிடித்துவைத்த வருவாய் 200. இரண்டும் சேர்ந்து 600. ஏட்டின்படி ஆலையின் தேறிய சொத்து இவ்வளவுதான். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்துக்குப் பிறகு நமது நாட்டில் பங்குகளுக்கு முகப்பெறுமதி இல்லை. வெளிநாட்டுப் பயிற்சிநூல்களில் முகப்பெறுமதிக்கு மேலாகப் பெற்ற தொகை பங்குக் கட்டணம் என்று தனி வரியில் வந்தால், அதையும் கையேற்ற நாள் உரிமையாண்மையோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாங்குபவர் ஏட்டுப் பெறுமதியைப் பார்த்து விலை பேசுவதில்லை. ஆலையில் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஏட்டில் அது 100. அன்றைய நியாயப் பெறுமதி 150. இன்னும் 5 வருடம் ஓடும். இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 3 இன்படி, அடையாளம் காணக்கூடிய சொத்துகளையும் பொறுப்புகளையும் நியாயப் பெறுமதிக்கு எடுக்க வேண்டும். ஆகவே 50 கூடுகிறது. தேறிய சொத்து 650 ஆகிறது.

இந்த 50 ஆலையின் சொந்த ஏட்டில் பதியப்படுவதில்லை, ஒருங்கிணைப்புத் தாளில் மட்டும்தான் வரும். அதனால் ஒவ்வொரு வருடமும் இதைப் புதிதாகச் சேர்க்க வேண்டும், மறந்தால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். நடைமுறையில் இந்த அதிகரிப்பின்மேல் பிற்போட்ட வரியும் எழும், அப்போது தேறிய சொத்து குறைந்து நன்மதிப்பு கூடும். முதல் கணக்கு என்பதால் அதை விட்டுவிடுகிறோம்.

மீதி 20 சதவீதம் பழைய பங்குதாரர்களிடமே இருக்கிறது. அவர்களுடைய பங்குதான் கட்டுப்பாடற்ற நலன். அதை அளக்க நியமம் இரண்டு வழி தருகிறது. ஒன்று, அந்தப் பங்குகளின் நியாயப் பெறுமதி. நம் கணக்கில் அது 150 என்று தரப்பட்டிருக்கிறது. மற்றது, தேறிய சொத்தில் அவர்களின் விகிதப் பங்கு, அதாவது 650 இல் 20 சதவீதம், 130. ஒவ்வொரு கையேற்புக்கும் தனித்தனியாக இந்தத் தெரிவைச் செய்யலாம். வினாவில் எந்த முறை என்பதைத் தேடிப் பிடித்த பிறகே பேனாவை எடுங்கள்.

நியாயப் பெறுமதி முறையில் நன்மதிப்பு இப்படி வருகிறது: கொடுத்த 640 உம் கட்டுப்பாடற்ற நலன் 150 உம் சேர்ந்து 790. அதிலிருந்து தேறிய சொத்து 650 ஐக் கழித்தால் 140. விகித முறையில் 640 உம் 130 உம் சேர்ந்து 770, அதிலிருந்து 650 போக 120. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20. அது 150 இற்கும் 130 இற்கும் உள்ள வித்தியாசமேதான். முதல் முறை சிறு பங்குதாரர்களுக்குரிய நன்மதிப்பையும் சேர்த்துக் காட்டுகிறது. இரண்டாவது முறை தாய்க் கம்பனி விலைகொடுத்து வாங்கிய நன்மதிப்பை மட்டும் காட்டுகிறது. இனி நாம் முதல் முறையில் போகிறோம்.

பங்கு வாங்குவதற்காகச் சட்டத்தரணிக்கும் கணக்காய்வாளருக்கும் கொடுத்த கட்டணம் இந்த 640 இற்குள் வராது. அது தாய்க் கம்பனியின் அந்த வருடச் செலவு. அதேபோல் விடை எதிர்க்கணியமாக வந்தால், அதாவது மலிவாக வாங்கியிருந்தால், முதலில் சொத்துகளின் அளவீட்டை மீண்டும் சரிபார்க்க வேண்டும். பிறகும் அப்படியே நின்றால், அந்தத் தொகை உடனே இலாப நட்டத்துக்குப் போகும்.

அறிக்கை நாளில் கையில் இருப்பவை

2025 மார்ச் 31 இல் இரண்டு கம்பனிகளின் தனிக் கூற்றுகள் இவை.

| | வியாபாரக் கம்பனி | ஆலைக் கம்பனி |
|---|---|---|
| ஆதனம், பொறி, உபகரணம் | 700 | 480 |
| ஆலையில் முதலீடு | 640 | – |
| இருப்பு | 210 | 160 |
| வர்த்தக வருமதிகள் | 180 | 140 |
| காசு | 90 | 40 |
| மொத்தச் சொத்து | 1,820 | 820 |
| கூறப்பட்ட மூலதனம் | 1,000 | 400 |
| பிடித்துவைத்த வருவாய் | 620 | 320 |
| வர்த்தகச் சென்மதிகள் | 200 | 100 |
| மொத்தம் | 1,820 | 820 |

இவற்றோடு இரண்டு தகவல்கள் உண்டு. இவ்வருடம் ஆலை, தாய்க் கம்பனிக்கு 300 இற்கு அரிசி விற்றது. கிரயத்தின்மேல் 25 சதவீதம் இலாபம் வைத்தே விலை போட்டது. அந்த அரிசியில் 50 பெறுமதியானது வருட முடிவில் மட்டக்களப்புக் களஞ்சியத்தில் விற்காமல் கிடக்கிறது. மற்றது, ஆலையின் ஏட்டில் தாய்க் கம்பனி 40 தரவேண்டும் என்று இருக்கிறது. தாய்க் கம்பனியின் ஏட்டில் ஆலைக்குக் கொடுக்கவேண்டியது 35 என்று இருக்கிறது. மார்ச் 30 இல் அனுப்பிய 5 இன் காசோலை இன்னும் ஆலைக்குப் போய்ச் சேரவில்லை.

தேறாத இலாபம்

குழுமம் ஒரே நிறுவனம் என்று பார்த்தால், ஆலையிலிருந்து தாய்க் கம்பனிக்குப் போன அரிசி இன்னும் விற்கப்படவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆலை வைத்த இலாபம் வெளியாள் ஒருவர் வாங்கும்போதுதான் தேறும். அம்பாறைப் பக்கத்தில் பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. மார்ச் 31 இல் கணக்கை மூடும் அரிசி வியாபாரக் குழுமத்திடம் இருப்பு நிறையக் கிடக்கும் காலம் அது. எனவே இத்தகைய கம்பனிகளில் இந்தச் சீராக்கம் பெரிய தொகையாகவே வரும்.

களஞ்சியத்தில் கிடக்கும் 50 தாய்க் கம்பனியின் கொள்விலை, அதாவது ஆலையின் விற்பனை விலை. கிரயம் 100 என்றால் விலை 125. ஆகவே தேறாத இலாபம் 50 ஐ 125 ஆல் வகுத்து 25 ஆல் பெருக்க வரும் 10. 50 இல் 25 சதவீதம் என்று 12.5 எழுதுவதே இங்கே வழக்கமாக விழும் பிழை. வினா விற்பனை விலையின்மேல் 25 சதவீதம் என்று சொல்லியிருந்தால்தான் 12.5 சரி. அந்த ஒரு சொல்லைக் கோடிட்டு வையுங்கள்.

அடுத்த கேள்வி, இந்த 10 ஐ யார் தாங்குவது? இலாபத்தைப் பதிந்தவர் தாங்க வேண்டும். இங்கே விற்றது ஆலை. ஆகவே ஆலையின் இலாபத்திலிருந்து குறைக்கிறோம், சிறு பங்குதாரர்களும் அதில் தங்கள் 20 சதவீதத்தை ஏற்கிறார்கள். தாய்க் கம்பனி ஆலைக்கு விற்றிருந்தால் 10 உம் தாய்க் கம்பனியின் வருவாயிலிருந்தே போயிருக்கும், கட்டுப்பாடற்ற நலன் அசையாது. இரண்டு நிலையிலும் இருப்பு 10 ஆல் குறைவது ஒன்றுதான்.

நடுவில் உழைத்தது எவ்வளவு?

இந்தக் கணக்கின் இதயம் இதுதான். ஆலையின் தேறிய சொத்தை இரண்டு திகதியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

| | 2023 ஏப்ரல் 1 | 2025 மார்ச் 31 |
|---|---|---|
| கூறப்பட்ட மூலதனம் | 400 | 400 |
| பிடித்துவைத்த வருவாய் | 200 | 320 |
| இயந்திரத்தின் நியாயப் பெறுமதி அதிகரிப்பு | 50 | 50 |
| அதன்மேல் மேலதிகப் பெறுமானத் தேய்வு | – | (20) |
| தேறாத இலாபம் | – | (10) |
| தேறிய சொத்து | 650 | 740 |

50 ஐ 5 வருடத்துக்குப் பகிர்ந்தால் வருடத்துக்கு 10. இரண்டு வருடத்துக்கு 20. இயந்திரத்தைக் கூடிய பெறுமதியில் காட்டிவிட்டு, தேய்வை மட்டும் பழைய பெறுமதியில் விடமுடியாது.

இடது நிரலின் 650 நன்மதிப்புக் கணிப்புக்குப் போகும். வலது நிரலுக்கும் இடது நிரலுக்கும் உள்ள வித்தியாசம் 90. கையேற்ற பிறகு குழுமத்துக்காக ஆலை உழைத்தது அதுதான். இதில் 80 சதவீதம், 72, தாய்க் கம்பனிப் பங்குதாரர்களுக்கு. 20 சதவீதம், 18, கட்டுப்பாடற்ற நலனுக்கு.

நன்மதிப்பைக் கணக்கிடும்போது 320 ஐ எடுத்தவருக்கு என்ன நடக்கும் என்று பாருங்கள். தேறிய சொத்து 770 ஆகிறது, நன்மதிப்பு 20 ஆகச் சுருங்குகிறது. ஆலை கையேற்ற பிறகு உழைத்த 120 நன்மதிப்புக்குள் கரைந்துபோகிறது. மாறாக, கையேற்குமுன் ஆலை உழைத்த 200 இல் 160 ஐக் குழும வருவாயில் சேர்ப்பவர், தாய்க் கம்பனி விலைகொடுத்து வாங்கியதையே உழைத்த இலாபமாகக் காட்டுகிறார். இரண்டும் ஒரே குழப்பத்தின் இரண்டு முகங்கள்.

இப்போது குழுமத்தின் பிடித்துவைத்த வருவாய் 620 உம் 72 உம், மொத்தம் 692. கட்டுப்பாடற்ற நலன் கையேற்ற நாளின் 150 உம் 18 உம், மொத்தம் 168. இதைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. அறிக்கை நாளின் தேறிய சொத்து 740 இல் 20 சதவீதம் 148. அதோடு அவர்களுக்குரிய நன்மதிப்பு 20. கூட்டினால் 168. வராவிட்டால் மேலே உள்ள அட்டவணையில் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

கடனையும் காசையும் ஒழுங்குபடுத்துதல்

குழுமம் தனக்குத் தானே கடன்பட முடியாது. ஆனால் 40 ஐயும் 35 ஐயும் நேரே வெட்டினால் 5 தொங்கும். வழியில் இருக்கும் காசோலையை முதலில் பெற்றதாகக் கொள்ள வேண்டும். காசுக் கணக்கை 5 ஆல் வரவு வைத்து, ஆலையின் வருமதியை 5 ஆல் செலவு வைத்தால் இரண்டு பக்கமும் 35 ஆகிவிடும். பிறகு 35 ஐ வருமதியிலிருந்தும் சென்மதியிலிருந்தும் நீக்குங்கள். நிஜக் கம்பனிகளில் இந்த வித்தியாசம் எப்போதும் காசோலையாக இருக்காது. லொறியில் இருக்கும் அரிசியாகவோ, ஒரு பக்கம் மட்டும் பதிந்த கழிவாகவோ இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வித்தியாசத்தை வேறொரு கணக்கில் தள்ளிவிடக் கூடாது.

இனி இரண்டு கம்பனிகளின் சொத்தையும் பொறுப்பையும் வரிக்கு வரி முழுமையாகக் கூட்டுங்கள். ஆலையின் இயந்திரங்களில் 80 சதவீதத்தை மட்டும் எடுப்பது தவறு. தாய்க் கம்பனி ஆலை முழுவதையும் கட்டுப்படுத்துகிறது, எந்த இயந்திரத்திலும் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் அது இயக்குவதில்லை. மற்றவர்களின் 20 சதவீதம் கட்டுப்பாடற்ற நலன் என்ற ஒரே வரியில் உரிமையாண்மைப் பகுதியில் சொல்லப்பட்டுவிட்டது.

| ஒருங்கிணைந்த நிதிநிலைமைக் கூற்று, 2025 மார்ச் 31 | கணிப்பு | தொகை |
|---|---|---|
| நன்மதிப்பு | 640 + 150 − 650 | 140 |
| ஆதனம், பொறி, உபகரணம் | 700 + 480 + 50 − 20 | 1,210 |
| இருப்பு | 210 + 160 − 10 | 360 |
| வர்த்தக வருமதிகள் | 180 + 140 − 5 − 35 | 280 |
| காசு | 90 + 40 + 5 | 135 |
| மொத்தச் சொத்து | | 2,125 |
| கூறப்பட்ட மூலதனம் | தாய்க் கம்பனியினது மட்டும் | 1,000 |
| பிடித்துவைத்த வருவாய் | 620 + 72 | 692 |
| கட்டுப்பாடற்ற நலன் | 150 + 18 | 168 |
| வர்த்தகச் சென்மதிகள் | 200 + 100 − 35 | 265 |
| மொத்தம் | | 2,125 |

ஆலையில் முதலீடு 640 எங்கும் இல்லை, ஆலையின் மூலதனம் 400 உம் இல்லை. அவை நன்மதிப்புக் கணிப்புக்குள் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன. கூற்றில் 1,400 மூலதனம் தெரிந்தால் ஆலையின் மூலதனம் நீக்கப்படவில்லை என்று உடனே சொல்லிவிடலாம். விகித முறையில் போயிருந்தால் நன்மதிப்பு 120, கட்டுப்பாடற்ற நலன் 148, மொத்தம் 2,105 ஆக இருக்கும். மற்ற வரிகள் ஒன்றும் மாறாது.

இரண்டு பக்கமும் சமப்பட்டுவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று நம்ப வேண்டாம். தேறாத இலாபத்தை முழுவதும் தாய்க் கம்பனியின் தலையில் போட்டிருந்தாலும் கூற்று சமப்படும், ஆனால் 692 உம் 168 உம் பிழையாக இருக்கும்.

இலாப நட்டக் கூற்றில்

விற்பனையிலிருந்து 300 ஐயும் விற்பனைக் கிரயத்திலிருந்து அதே 300 ஐயும் நீக்க வேண்டும். பிறகு விற்பனைக் கிரயத்தில் 10 ஐக் கூட்டவேண்டும், இறுதி இருப்பு அவ்வளவால் குறைந்துவிட்டதே. இவ்வருடத்துக்குரிய மேலதிகத் தேய்வு 10. நிலைமைக் கூற்றில் இரண்டு வருடத்தின் 20 வந்தது, இங்கே ஒரு வருடத்தினது மட்டும்.

ஆலை இவ்வருடம் 70 இலாபம் காட்டியது, முதல் வருடம் 50 என்று கொள்வோம். இவ்வருட 70 இலிருந்து தேய்வு 10 உம் தேறாத இலாபம் 10 உம் போக 50. அதில் 20 சதவீதம், 10, கட்டுப்பாடற்ற நலனுக்குரிய இலாபம். முதல் வருடம் 50 இலிருந்து தேய்வு 10 போக 40, அதில் அவர்களுக்கு 8. இரண்டும் சேர்ந்தால் மேலே வந்த 18. அடுத்த வருடம் அந்த அரிசி வெளியே விற்றுத் தீர்ந்ததும் இந்த 10 மீண்டும் ஆலையின் இலாபத்தில் சேரும், அதைத் திருப்பிச் சேர்க்க மறப்பவர்கள் பலர்.

ஆலை பங்கிலாபம் கொடுத்தால், தாய்க் கம்பனி தன் ஏட்டில் வருமானமாகப் பதிந்த 80 சதவீதம் ஒருங்கிணைப்பில் நீக்கப்படும். சிறு பங்குதாரர்கள் பெற்ற 20 சதவீதம் அவர்களின் நலனைக் குறைக்கும்.

நன்மதிப்பு 140 வருடாவருடம் தேய்க்கப்படுவதில்லை. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 36 இன்படி வருடத்துக்கு ஒருமுறையாவது பெறுமதி இழந்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். ஒருதடவை இழப்பைப் பதிந்தால் பின்னர் திருப்பி ஏற்ற முடியாது. நியாயப் பெறுமதி முறையில் 30 இழந்தால், இலாபம் பகிரும் அதே 80 இற்கு 20 விகிதத்தில், 24 குழும வருவாயிலிருந்தும் 6 கட்டுப்பாடற்ற நலனிலிருந்தும் குறையும். நன்மதிப்பு 120 உம் 20 உமாகப் பிரிந்திருந்தது என்று அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டாம். விகித முறையில் பதியப்பட்ட நன்மதிப்பு முழுவதும் தாய்க் கம்பனிக்குரியது, அதன் இழப்பும் முழுவதும் குழும வருவாயிலிருந்தே போகும். சிறிய, நடுத்தரக் கம்பனிகளுக்கான நியமத்தைப் பின்பற்றும் ஆலைகளில் நிலைமை வேறு. அங்கே நன்மதிப்பைப் பயன்தரும் காலத்துக்குப் பகிர்ந்து செலவாக எழுதுவார்கள். எனவே ஒரு நிஜக் கம்பனியின் அறிக்கையைக் கையில் எடுத்தால், எந்த நியமத்தின்படி தயாரித்தது என்று கணக்கீட்டுக் கொள்கைகள் பகுதியில் முதலில் பாருங்கள்.